நான் அழுத்தி மூடிய லேப்டாப்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நான் சேர்ந்த முதல் நாள், ஐ.டி. அறையில் இருந்தவர் ஒரு லேப்டாப்பையும் இரண்டு பக்கப் படிவத்தையும் என் முன் வைத்தார். வேலையை விட்டுப்போன யாரோ திருப்பிக் கொடுத்த லேப்டாப். சீரியல் நம்பர், சார்ஜர், மவுஸ், பை எல்லாம் எழுதியிருந்தது. திரை, கீபோர்டு, மூடி, அடிப்பாகம் என ஒவ்வொன்றுக்கும் நேராக ‘நன்று’ என்ற கட்டத்தில் டிக் ஏற்கெனவே விழுந்திருந்தது.

“பாத்துட்டு கையெழுத்து போடும்மா,” என்றார்.

கம்பெனி பஸ் கிளம்பும் நேரம். பார்க்காமலே போட்டேன்.

நான்காவது மாதம் டச்பேட் அழுந்த மறுத்தது. அடுத்த சில நாட்களில் மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடத் தொடங்கியது. ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. பேட்டரி உப்புகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பஸ்ஸில் எங்கோ இடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

வீட்டில் என் படிவ நகலை எடுத்துப் படித்தேன். ‘கவனக்குறைவால் நேரும் சேதத்துக்கு ஊழியரே பொறுப்பு.’ ‘சேதம் தெரிந்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஐ.டி. பிரிவுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.’ அப்போதே நான்கு நாள் கடந்திருந்தது. வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் பாக்கி. அதற்குமேல் படிக்காமல் மடித்து வைத்துவிட்டேன்.

அதன்பிறகு யாரும் பார்க்காதபடி வேலை செய்தேன். வீட்டுக்குக் கிளம்பும்போது இரண்டு கனமான ரெஜிஸ்டர்களை மேலே வைத்து அழுத்தி மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை மணவாள நகர் வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். “இன்னாடி இது, நெயில் பாலிஷ் வாசனை அடிக்குது?”

வாசனை கட்டிலடியில் நான் வைத்திருந்த பையிலிருந்து வந்தது. போனில் தேடினேன். உப்பிய பேட்டரி, இனிப்பான ரசாயன வாசனை, தீப்பிடிக்கும், அழுத்தக் கூடாது, சார்ஜ் போடக் கூடாது என்று இருந்தது. லேப்டாப்பை வெளியே எடுத்து, ஆஃப் செய்து, மொட்டை மாடித் தரையில் வைத்தேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் செய்ததுதான் பெரிய தப்பு. ஐ.டி.காரருக்குப் போன் செய்திருக்கலாம். செய்யாமல், அதைப் பையில் போட்டு பஸ்ஸில் ஏறினேன். நாற்பது பேர். பக்கத்து சீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணி அக்கா ஒருவர் தூங்கிக்கொண்டு வந்தார். மடியில் பை சுடுகிறதா, என் தொடைதான் வியர்க்கிறதா என்று தெரியவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் பையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். “பஸ்ஸை நிறுத்துங்க” என்று கத்த வாய் வரை வந்தது. கத்தாமலே கம்பெனி வாசல்வரை போனேன்.

ஐ.டி. அறையில் பையைத் திறந்ததும் அவர் முகம் மாறியது. “ஆஃப் பண்ணிட்டியா? சார்ஜர்ல போட்டியா?”

“நேத்தே ஆஃப் பண்ணிட்டேன் சார். அப்புறம் சார்ஜர்ல போடல.”

அவர் அதைத் தட்டையாகப் பிடித்தபடி வெளியே நடந்தார். ஷெட்டுக்கு அப்பால், காலியான சிமென்ட் தரையில், தீயணைப்பு மணல் வாளிகளைக் கொட்டி அதன்மேல் வைத்தார். யாரையும் கிட்ட விடவில்லை. திரும்பி வந்த பிறகுதான் கேட்டார்.

“எத்தினி நாளா இப்டி?”

“பத்து நாள் இருக்கும் சார்.”

“பத்து நாளா வெச்சிக்கினு இன்னாம்மா பண்ண?”

அழுதுகொண்டே படிவத்தைக் காட்டினேன். நான் படித்து நிறுத்திய வரிக்கு அடுத்த வரியில் விரலை வைத்தார். ‘இயல்பான தேய்மானத்துக்கும் பேட்டரி உள்ளிட்ட உள்கோளாறுகளுக்கும் ஊழியர் பொறுப்பல்ல.’

“பேட்டரி உப்புனா உன்ன யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா சொல்லாம மறச்சியே, அது உம்மேலதான் வரும்.” படிவத்தைத் திருப்பி ‘நன்று’ கட்டங்களைக் காட்டினார். “முன்னாடி இருந்தவர் திருப்பிக் குடுக்கும்போது நானும் அடிப்பக்கம் திருப்பிப் பாக்கல. பாக்காமத்தான் டிக் போட்டேன். ரிப்போர்ட்ல அதையும் சேர்த்து எழுது.”

“உங்களுக்குப் பிரச்சன ஆகுமே சார்?”

“ஆவட்டும். எழுது.”

எழுதினேன். இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. என் வேலை நிரந்தரமாவது மூன்று மாதம் தள்ளிப்போனது. பேட்டரியை மின்கழிவு நிறுவனத்தார் வந்து எடுத்துப்போகும்வரை அந்த மணலைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள்.

லேப்டாப்பைக் கொடுத்த அன்று மாலை வெறுங்கையோடு வீட்டுக்குப் போனேன். நடந்ததையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை.

“அந்த வாரம் பூரா ராத்திரில கட்டிலுக்கு அடியிலதான் இருந்திச்சா?” என்று மட்டும் கேட்டாள்.

“ஆமாம்மா.”

அம்மா குனிந்து கட்டிலடியை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அங்கே அடுக்கியிருந்த பழைய துணி மூட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுக்கத் தொடங்கினாள்.