என் கூறைப் புடவையை நானே விற்ற கதை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். செங்கல்பட்டு பஜார்ல ஒரு ஜவுளிக்கடையில பட்டுப் பிரிவுல எனக்கு வேலை கிடைச்சதே அந்த வாயாலதான். எழுபதுகளோட நடுவுல, பொம்பளைங்களுக்குப் பொம்பளையே புடவை எடுத்துக் காட்டட்டும்னு எங்க முதலாளிக்கு ஒரு யோசனை வந்துச்சு. நல்ல யோசனை. ஆனா வர்றவங்க எல்லாரும் ஒரே கேள்வியை என் தலையில போட ஆரம்பிச்சாங்க. "கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் பார்த்தா ஒண்ணும் வித்தியாசமே தெரியலியே, இதுக்கு மட்டும் ஏன் இவ்ளோ வெலை?"

அன்னிக்கு அந்தக் கேள்வியோட உட்கார்ந்திருந்தது மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்துல மீன் யாவாரம் பண்ற ஒரு அக்கா. தங்கச்சி நிச்சயத்துக்குப் பட்டு எடுக்க வந்திருந்தாங்க. அரக்கு உடம்பு, பச்சைக் கரை போட்ட புடவை ரெண்டை முன்னாடி விரிச்சிருந்தேன். ஒண்ணு காஞ்சிபுரத்துக் கைத்தறிப் பட்டு. இன்னொண்ணு அதைப் பார்த்து விசைத்தறியில ஓட்டின ஆர்ட் சில்க், பட்டு மாதிரி மின்னற செயற்கை நூல்.

"ஏமாத்துறியா இன்னா? ரெண்டும் ஒண்ணாத்தான் கீது!"ன்னாங்க அக்கா.

எனக்கு சுர்ருன்னு வந்துடுச்சு. "அக்கா, வஞ்சிரத்தையும் கானாங்கத்தையையும் ஒண்ணுன்னு நான் சொன்னா சும்மா விடுவீங்களா?"ன்னு ஒரு பிடி பிடிச்சுட்டு, ரெண்டையும் திருப்பிப் போட்டு, எங்கே எதைப் பார்க்கணும்னு தெருவுக்கே கேக்கற மாதிரி சொல்லி முடிச்சேன். அக்கா சிரிச்சு, கைத்தறியைத் தனியா எடுத்து வைக்கச் சொன்னாங்க. நிமிர்ந்து பார்த்தா வாசல்ல செருப்பைக் கழட்டிக்கிட்டு என் வருங்கால மாமியார் நிக்கிறாங்க.

அடக் கடவுளே!

எனக்கு மதுராந்தகத்துல நெல் யாவாரம் பண்ற வீட்டுல பேசி முடிச்சிருந்தாங்க. எங்க பக்கம் கல்யாணம் நடக்கிறது மாப்பிள்ளை வீட்டுல, கூறைப் புடவையும் அவங்க செலவு. அவங்க எடுக்கிறதைப் பொண்ணு வாயை மூடிக்கிட்டுக் கட்டிக்கணும். மருமக வேலை செய்யிற கடையை விட்டுட்டு வேற எங்க போறதுன்னு, கூட வரேன்னவங்களையெல்லாம் கழட்டி விட்டுட்டு அத்தை தனியா பஸ் ஏறி வந்திருந்தாங்க. அந்த வருஷம் ஏரியில தண்ணி குறைச்சல், நெல்லு வரத்தும் குறைச்சல்னு எங்க வீட்டுல ஏற்கெனவே பேச்சு. கை இறுக்கமா இருக்கிற வீடுன்னு எனக்கு நல்லாவே தெரியும்.

அத்தை நேரா வந்து என் எதிர்ல சம்மணம் போட்டு உட்கார்ந்தாங்க. "கூறைப் புடவை காட்டும்மா."

வேற வழி? அதே மாதிரி இன்னொரு ஜோடியை எடுத்து விரிச்சேன். அத்தையோட கை முதல்ல ஆர்ட் சில்க்குக்குப் போச்சு, அப்புறம் கைத்தறிக்குப் போச்சு, விலைச் சீட்டைப் பார்த்ததும் சூடு பட்ட மாதிரி திரும்பிடுச்சு. "இதுக்கும் அதுக்கும் ஏம்மா இத்தனை வித்தியாசம்? நீதானே இங்க வேலை செய்யறே, நீயே சொல்லு."

என் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. உண்மையைச் சொன்னா, தாலி ஏறுறதுக்கு முன்னாடியே எனக்கு விலை ஒசந்ததுதான் வேணும்னு கேக்கறவளா ஆயிடுவேன். மதுராந்தகம் வரைக்கும் பேர் நாறும். ஆனா எனக்குக் கைத்தறிமேல ஆசை இல்லாமலா? தினம் ஊர்ப் பொண்ணுங்களுக்கெல்லாம் தோள்ல போட்டுக் காட்டிட்டு, என் கல்யாணத்துக்கு மட்டும் ஆர்ட் சில்க்கைக் கட்டறதா? அத்தோட கடை ஆளுங்க அத்தனை பேரும் முன்வரிசையில வந்து உட்காருவாங்க.

"ஆர்ட் சில்க்கும் நல்லாத்தான் இருக்கும் அத்தே"ன்னேன். என் குரல் எனக்கே கேக்கல.

கல்லாவுல இருந்து முதலாளி தொண்டையைக் கனைச்சார். மீன்கார அக்கா எழுந்துபோற ஆளா? "அய்ய, இப்பத்தான என்கிட்ட அந்தக் கத்து கத்துன? அவங்களுக்கு மட்டும் இன்னா, வாயில கொழுக்கட்டையா?"

அத்தையும் விடல. "நான் வாசல்லயே கேட்டுட்டேன்மா. பாதிதான் காதுல விழுந்துச்சு. மீதியைச் சொல்லு."

சரி, நடக்கிறது நடக்கட்டும்னு ரெண்டு புடவையையும் திருப்பிப் போட்டேன்.

"முதல்ல கரையைப் பாருங்க அத்தே. கைத்தறியில இது கோர்வை. உடம்புக்கு அரக்கு நூலைச் சுமந்து குறுக்கே ஓடற நாடா தனி, கரைக்குப் பச்சை நூல் ஓடற நாடா தனி. ஒவ்வொரு இழைக்கும் ரெண்டையும் பின்னிக்கிட்டே போகணும். தறியில உட்கார்றவருக்கு ஒத்தாசையா பக்கத்துல இன்னொரு ஆளும் வேணும். புடவை இறங்க பத்து பதினைஞ்சு நாள் ஆகும். விசைத்தறியில அரக்கு நூல் இந்த ஓரத்துலருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே ஓட்டம். அதான் பச்சைக்குள்ள அரக்கு கலந்து, காப்பித்தூள் கொட்டின மாதிரி மங்கலாத் தெரியுது. ஒருத்தரே நாலஞ்சு தறியைப் பார்த்துப்பார், சீக்கிரம் இறங்கிடும்."

கைத்தறியோட முந்தி ஓரத்துல தொங்கின ஜரிகை இழை ஒண்ணை நகத்தால பிரிச்சேன். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிஞ்சுது. "வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கி இந்தப் பட்டு நூல் மேல சுத்தி, தங்க முலாம் பூசியிருக்காங்க. புடவை கிழிஞ்சாலும் வெள்ளிக்கு விலை கொடுக்க ஆள் வரும். இன்னொண்ணுல செம்புக் கம்பிதான். கொஞ்ச நாள்ல கறுத்துடும்."

"கடல்காத்துக்குப் பச்சையாவே பூத்துடும்"னாங்க மீன்கார அக்கா, ரொம்ப நாள் அனுபவசாலி மாதிரி.

கடைசியா ரெண்டையும் டியூப்லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடிச்சேன். ஆர்ட் சில்க்ல வெளிச்சம் சல்லடையில வர்ற மாதிரி வந்துச்சு. கைத்தறியில வரல. "நெடுக்கப் போற பாவும் குறுக்க ஓடற ஊடையும் முறுக்கின பட்டு, அங்குலத்துக்கு அங்குலம் நெருக்கமா இருக்கு. அதுக்கே பட்டு அதிகம் பிடிக்கும். இன்னொண்ணுல நூலும் பட்டில்ல, இடைவெளியும் ஜாஸ்தி. ஆனா லேசா இருக்கும் அத்தே, துவைக்கலாம், ஓடியாடி வேலை செய்யலாம். அதைப் பொய்ப் புடவைன்னு நான் சொல்ல மாட்டேன். பட்டுன்னு சொல்லி வித்தாத்தான் பொய்."

எது வாங்கணும்னு மட்டும் நான் சொல்லல.

அத்தை ரொம்ப நேரம் கைத்தறிக் கரையை விரலால தடவிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் நெல் விலை பேசற குரல்ல கேட்டாங்க. "இந்த வெலையில பெரிய பங்கு எதுக்குப் போவுது?"

"இந்தப் புடவையில ஜரிகைக்கு, அத்தே. கரை இவ்ளோ அகலம், முந்தி முழுக்க வெள்ளி."

"அப்போ வெள்ளியைக் குறை. நெசவைக் குறைக்காதே. நூலையும் குறைக்காதே. அப்படி ஒண்ணு வச்சிருக்கியா?"

இத்தனை நாள் அந்தக் கல்லாவுக்கு எதிர்ல நின்னும் எனக்கு அது தோணவே இல்ல! பரண்ல ஏறி, அடியில கிடந்ததைத் தேடி எடுத்தேன். அரக்கு உடம்பு, பச்சையில கோர்வைக் கரை, கரையில மெல்லிசா ரெண்டே கோடு நிஜ ஜரிகை. விலையைக் கேட்டு அத்தை ஒரு பெருமூச்சு விட்டாங்க. முதலாளி தானா முன்வந்து அதுலயும் குறைச்சார். குறைக்கிற மனுஷன் இல்ல அவர். ஆனா அன்னிக்கு மீன்கார அக்கா அவரை முறைச்சுக்கிட்டே இருந்தாங்க.

"இதையே கட்டு"ன்னாங்க அத்தை. சந்தோஷத்துல நான் மடிக்கிற புடவை நழுவி நழுவி விழுந்துச்சு.

அப்போ அத்தை அந்த ஆர்ட் சில்க்கையும் என் பக்கமா நகர்த்தினாங்க.

"இதையும் சேர்த்துக் கட்டிக்கொடு."

"இது யாருக்கு அத்தே?"

"எனக்குத்தான். பையன் கல்யாணத்துக்குன்னு எடுத்து வச்சிருந்த பணம் அவ்ளோதான், ரெண்டு கைத்தறி வராது. நீதானே சொன்னே, லேசா இருக்கும், ஓடியாடி வேலை செய்யலாம்னு? பந்தியில நான்தான் ஓடணும்."

எனக்குக் கண்ணு முட்டிக்கிட்டு வந்துடுச்சு. புடவையில சொட்டிடப் போவுதுன்னு முதலாளி அதட்டினார்.

கல்யாணத்தன்னிக்கு எங்க சொந்தக்காரப் பொம்பளை ஒருத்தங்க அத்தையோட புடவைக் கரையைத் தூக்கிப் பார்த்து, சம்பந்தி தனக்கு இவ்ளோதான் எடுத்தாங்களான்னு இழுத்தாங்க. மணையில இருந்த நான் எழுந்திரிக்காத குறைதான். அத்தை சாம்பார் வாளியைக் கீழே வைக்காமலே என்னைக் காட்டி, "எங்க வீட்டுப் பட்டு அங்க உட்கார்ந்திருக்கு, போய்ப் பாரு"ன்னு சொல்லிட்டு அடுத்த இலைக்குப் போயிட்டாங்க.