தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்

நான் படிப்பித்த கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்து மனேஜர் பெரிய அரிசி வியாபாரி. அவர் செருமினாலே நான் எழுந்து நின்றுவிடுவேன். அந்த மனுஷனுக்குத்தான் நான் இராஜினாமாக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

வெள்ளவத்தையில் அம்மா பாரிசவாதத்தில் படுத்திருந்தார். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் மனேஜரின் நற்சாட்சிப் பத்திரத்தோடு போனால்தான் எடுப்பார்கள். கடிதத்தில் ஒரு சொல் பிசகினாலும் அவர் அதைத் தரமாட்டார்.

'மகா கனம் பொருந்திய' என்று தொடங்கினேன். சீ, அது நாட்டை ஆளும் தேசாதிபதிக்குப் போடுவதல்லவா! நக்கலென்று நினைத்துவிடுவார் என்று பயந்து கிழித்தேன். 'கனம் மனேஜர் ஐயா அவர்கள் சமுகத்துக்கு' என்று மாற்றினேன். முடிவில் வெறும் 'இப்படிக்கு' போட்டால் திமிராகத் தெரியுமே! லீவு கேட்கும்போதெல்லாம் எழுதுகிற வரி தானாகக் கைக்கு வந்தது: 'தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும், கீழ்ப்படிதலுள்ள ஊழியை.' எவ்வளவு மரியாதை என்று எனக்கே திருப்தி. என் புத்தியை என்ன சொல்ல!

அடுத்த நாள் மனேஜர் கூப்பிட்டார்.

"பிள்ளை, என்ர உத்தரவை எதிர்பாக்கிறன் எண்டு நீர்தானே எழுதியிருக்கிறீர்?"

"ஓம், ஐயா."

"உத்தரவில்லை. வகுப்புக்குப் போம்."

ரயிலில் வீட்டுக்கு வரும்வரை அம்மாவின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. அரசாங்கக் கந்தோரில் கடிதம் எழுதும் கிளாக்காக இருந்த அண்ணனிடம் சொன்னபோது அவர் தலையில் கைவைத்தார்.

"விசரி! போறன் எண்டு அறிவிக்கிற கடிதத்தில ஆரும் உத்தரவு கேப்பினமே?"

"கீழ்ப்படிதலையும் எடுக்கட்டோ?"

"அது இருந்தா, இரு எண்டா இருக்கத்தானே வேணும்? எடு."

திரும்ப எழுதினேன். தொடக்கத்தில் கை வைக்கவில்லை. 'இதுவரை தாங்கள் தந்த ஆதரவுக்கு நன்றியுடன் விடைபெறும், தங்கள் உண்மையுள்ள' என்று முடித்துக் கையெழுத்திட்டேன். அடுத்த நாள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனேஜர் கடைசி வரியில் விரலை ஓட்டி இரண்டு தரம் வாசித்தார். பிறகு பத்திரத்தை எழுதி மேசையில் தள்ளினார். திறமையுள்ளவர், நேரந்தவறாதவர், நல்லொழுக்கமுள்ளவர் என்று இருந்தது. அதோடு சரி. எல்லாருடைய பத்திரத்திலும் இருக்கிற 'கீழ்ப்படிதலுள்ளவர்' என் பத்திரத்தில் இல்லை.

அதைச் சேர்த்துத் தாருங்கள் என்று கேட்காமலே பத்திரத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

வெள்ளவத்தைத் தலைமையாசிரியை அதைக் கண்ணாடி போட்டு வாசித்தார்.

"கீழ்ப்படிவைப் பற்றி ஒண்டுமில்லையே, ரீச்சர்?"

"மனேஜர் போக வேண்டாமெண்டு சொன்னவர். அம்மாவுக்கு ஏலாது. நான் வந்திட்டன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப நான் மறிச்சாலும் நீங்கள் நிக்கமாட்டியள்."

சிரிக்கிறாரா, கோபமா என்று தெரியவில்லை. பொய் சொல்லவும் பயமாக இருந்தது.

"மாட்டன்," என்றேன்.

பிள்ளைகளின் வரவு எழுதும் டாப்பை என் பக்கம் தள்ளி, "மூண்டாம் வகுப்பு. போய்ப் பேர் கூப்பிடுங்கோ," என்றார்.