முனீருக்கு வந்த தடிக் கவர்

என் தங்கச்சி புருஷன் முனீர் அகமதை நான் மொத நாள்லருந்தே நம்பல. மூக்கண்டப்பள்ளியில பம்பு செய்யற கம்பெனியில இன்ஜினியர். சத்தமாப் பேச மாட்டான், எதைக் கேட்டாலும் ஒரு சிரிப்பு. சிரிச்சே காரியத்தை முடிக்கிற ஆளுங்களை நான் நிறையப் பாத்திருக்கேன். எங்க தெருவுலருந்து துபாய்க்குப் போன அக்பர் பாஷாவும் இப்படித்தான் சிரிப்பாரு. பொண்டாட்டிய அடுத்த மாசமே கூப்பிட்டுக்கறேன்னாரு. ஆறு வருசமாச்சு, அந்த அடுத்த மாசம் இன்னும் வரல.

தொண்ணூத்தி மூணு கடைசியில முனீரும் என் தங்கச்சி வஜிஹாவும் அமெரிக்காவுல மேல படிக்க அப்ளிகேஷன் போட்டாங்க. அவ எம்.எஸ்ஸி கெமிஸ்ட்ரி. ரெண்டு பேரும் வேற வேற படிப்பு, அதனால வேற வேற யுனிவர்சிட்டி. ஆனா ஒரே வீட்டுல இருந்து போய்வர்ற மாதிரி, பக்கத்துப் பக்கத்து ஊராப் பாத்து ஜோடி ஜோடியாப் போட்டாங்க. கையில காசில்ல. படிக்கறப்பவே வகுப்பெடுத்துச் சம்பளம் வாங்கற உதவி ரெண்டு பேருக்கும் கிடைச்சாத்தான் சேர்ந்து போக முடியும். பகல்ல ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருவாங்க, வீடு பூட்டியிருக்கும். நான் மத்திகிரியில வீட்டுலயே தையல் மிஷின் போட்டு உக்காந்திருக்கறவ. அதனால என் விலாசத்தைக் குடுத்தாங்க.

வஜிஹா ஒரு தாள்ல ஊர்ப் பேரெல்லாம் எழுதிக் குடுத்தா. "கவர் மெல்லிசா வந்தா இடம் இல்லைன்னு அர்த்தம்க்கா. தடியா வந்தா இடம் கிடைச்சிருச்சுன்னு அர்த்தம்." பிப்ரவரியிலருந்து மெல்லிசாவே வந்துச்சு. கடைசியில டல்லாஸ் ஜோடி மட்டும்தான் மிச்சம்.

மார்ச் கடைசியில முனீர் பேருக்குத் தடியா ஒண்ணு வந்துச்சு. மேல டென்டன்னு ஒரு ஊர் பேரு. தாளை எடுத்துப் பாத்தேன். அவன் பேருக்கு நேரா டல்லாஸ், அவ பேருக்கு நேராவும் டல்லாஸ். டென்டன் எங்கயுமே இல்ல. அடப்பாவி, திருட்டுத்தனமாத் தனக்கு மட்டும் வேற ஊருக்குப் போட்டிருக்கானே! கவரை மிஷின் டிராயருக்குள்ள துணிக்கு அடியில வச்சேன். அவன் வாயாலயே உளறட்டும், கையும் களவுமாப் பிடிக்கணும்னு இருந்தேன்.

ஷிஃப்ட் முடிஞ்சதும் தினம் சைக்கிள்ல வந்து நின்னான். "அக்கா, எனக்கு ஏதாவது வந்துச்சுங்களா?"

"எதிர்பாக்கறீங்களா மாப்ள?"

"இந்த வாரம் வந்தாத்தான் உண்டு" அப்படின்னான். முகத்துல சிரிப்பில்ல. பாரு, குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்குதுன்னு எனக்குள்ள ஒரே சந்தோசம்.

ஏப்ரல் இருபதாந்தேதி வஜிஹா பேருக்குத் தடியா வந்துச்சு. ஓடி வந்து பிரிச்சா. சம்பள உதவியோட டல்லாஸ்ல இடம், பதில் சொல்ல மே மாசம் வரைக்கும் நேரம். என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "அவருக்கும் டென்டன்லருந்து வந்துட்டாப் போதும்க்கா!"ன்னா.

"டல்லாஸ்னுதானேடி எழுதியிருந்தே?"

"டென்டன் டல்லாஸ் பக்கத்துல ஒரு மணி நேரம். நீ மத்திகிரியில இருந்துக்கிட்டு எல்லார்கிட்டயும் ஓசூர்னு சொல்றதில்லையா, அது மாதிரி எழுதிட்டேன்."

டிராயரைத் திறந்து கவரை எடுத்துக் குடுத்தேன். உள்ள அவனுக்கும் சம்பள உதவி இருந்துச்சு. ஏப்ரல் பதினஞ்சுக்குள்ள சம்மதம் சொல்லணும்னு எழுதியிருந்துச்சு.

சாயங்காலம் ஏழரைக்கு எஸ்.டி.டி பூத்துலருந்து முனீர் டென்டன் யுனிவர்சிட்டிக்குப் போன் போட்டான். நான் வெளிய நின்னு கண்ணாடி வழியா அவன் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். இடம் அப்படியே இருக்காம். சம்பள உதவி மட்டும் வேற ஒரு பையனுக்குப் போயிருச்சாம். அவ கூட துணை விசாவுல போனா வேலை செய்யக் கூடாது, அப்புறம் ஃபீஸை எதை வச்சுக் கட்டறது?

"நீ போ வஜிஹா. நான் அடுத்த வருசம் திரும்பப் போடறேன்" அப்படின்னான். என்னை ஒரு வார்த்தை கேக்கல. திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன். ஆகஸ்ட்ல மெட்ராஸ் ஏர்போர்ட்ல வஜிஹா தனியா உள்ள போனா. அவ கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மறைஞ்ச பிறகும் அவன் ரொம்ப நேரம் அங்கயே நின்னான். ஐயோ, இந்தப் பிள்ளையவா சந்தேகப்பட்டோம்னு நான் முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு அழுதேன்.

அடுத்த வருசம் பிப்ரவரியிலருந்து நான் எங்கயும் நகரல. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டா வாசலுக்கு ஓடுவேன். மார்ச் முடிஞ்சுது, மெல்லிசாக்கூட ஒண்ணும் வரல. மனசு கேக்காம மூக்கண்டப்பள்ளிக்கு டவுன் பஸ் ஏறினேன். முனீர் எனக்கு டீ போட்டுக் குடுத்துக்கிட்டிருந்தான். பக்கத்து வீட்டுக் கெம்பம்மா ஒரு கவரைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, கையைத் துடைச்சுக்கிட்டே உள்ள வந்தா.

"தம்பி, டென்டன் கவர் வந்துருச்சு. இந்தத் தடவையும் தடியாத்தான் இருக்கு, பிரிச்சுப் பாருங்க!"

கவர்ல முனீர் பேருக்குக் கீழ கெம்பம்மா வீட்டு நம்பர் இருந்துச்சு.

"டீ ஆறுதுக்கா, குடிங்க" அப்படின்னான் முனீர்.