முதல் மழையை வெளியே விடும் குழாய்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நான் செயலாளர் ஆனதற்கு என் திறமை காரணம் இல்லை. அந்தக் கூட்டத்துக்கு நான் ஒருத்தி மட்டும் தாமதமாகப் போனேன். நான் உள்ளே நுழைவதற்குள் என்னைத் தேர்ந்தெடுத்துக் கைதட்டியும் முடித்துவிட்டார்கள். நாமக்கல்லில் மோகனூர் சாலையைத் தாண்டி உள்ளே இருக்கும் கட்டடம் எங்களுடையது. சேலம் செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் பிறந்து, லாரி ஹாரனுக்கு மேலே குரல் எழுப்பிப் பேசிப் பழகியவள் நான். சண்டை போட ஓர் ஆள் வேண்டும் என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது.

சண்டை தண்ணீரால்தான் வந்தது. எங்கள் ஆழ்குழாய்க் கிணறு போன கோடையிலேயே இழுத்து இழுத்துக் காற்றைத்தான் துப்பியது. இந்தக் கோடையில் அதுவும் இல்லை. லாரித் தண்ணீர் வாங்கித் தரைக்கடியில் இருக்கும் தொட்டியில் ஊற்றி, மோட்டார் போட்டு மேலே ஏற்றிக்கொண்டிருந்தோம். இரண்டாம் மாடியில் இருக்கும் ரிக் வண்டி அண்ணன், "இன்னொரு போர் போட்டுடலாமுங்க அம்மிணி, என்ர வண்டி வடக்க இருந்து வந்தவொடனே நம்ம கேட்டுக்குள்ளதான் மொத நிறுத்து" என்றார். அவருக்குச் சொந்தமாக போர் போடும் வண்டி உண்டு. அது ராஜஸ்தான் வரைக்கும் போகும். தண்ணீர் என்றாலே அவருக்குக் கண் தரைக்குத்தான் போகும். வானத்தை அவர் நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை.

புது போருக்கு எல்லோரும் சரி என்றார்கள். என்னால் முடியவில்லை. காரணம், எங்கள் மதில் சுவருக்குப் பின்னால் இருக்கும் பால்காரப் பெண். இரண்டு மாடும் ஒரு கன்றும் வைத்து எங்கள் எல்லா வீட்டுக்கும் பால் ஊற்றுபவள். அவளுடைய திறந்த கிணற்றில் இன்னும் ஓர் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் இருந்தது. எதிர்ப்பக்கம் திருமண மண்டபத்துக்கு ஆழமாக போர் போட்டபோது அந்தத் தெருக் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றியதை அவள் பார்த்திருக்கிறாள். அண்ணனிடமே கேட்டேன். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். "கிட்டக்க இருக்குதுங்க. பாறை வெடிப்பு ஒண்ணா இருந்துச்சுன்னா அந்தக் கெணறு தாங்காதுங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

பால்காரப் பெண் தினமும் பாலை ஊற்றிவிட்டு ஒரே கேள்வியைக் கேட்பாள். "ஏனுங்க்கா, ரிக்கு எப்ப வருதுங்க?" கோபம் இல்லை, அழுகை இல்லை. ரேஷன் கடை திறந்துவிட்டதா என்று கேட்பதுபோல் கேட்பாள். ஒருநாள் அவள் கையில் ஒரு சுருள் புதுக் கயிறு இருந்தது. என்ன என்றேன். "சந்தைக்கு ஓட்டோணுமில்லீங்க்கா. மூணுக்கும் சேத்து வாங்கிட்டு வந்தேன். தண்ணியில்லாம மாட்ட வெச்சுட்டு என்ன பண்றதுங்க" என்றாள். அன்றைக்கு மாலையே கூட்டம் கூட்டினேன்.

கூட்டத்துக்கு ஒரு படம் வரைந்து எடுத்துப் போனேன். பழைய தினசரிக் காலண்டர் அட்டையின் பின்பக்கம், ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தது. மேலே மொட்டை மாடி, நடுவில் ஒரு குழாய், கீழே தொட்டி. இவ்வளவுதான். மாடியில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் ஒன்று போட்டு, பக்கத்தில் ஒரு வாளி வரைந்திருந்தேன். "இந்தக் கட்டத்தில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு மழை பெய்தால் பத்து லிட்டர். ஒரு சின்ன வாளி. நம் மாடியில் இப்படி எத்தனை கட்டம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அத்தனை வாளியும் இப்போது சாக்கடைக்குப் போகிறது" என்றேன். ஏற்கெனவே மாடியிலிருந்து இறங்கும் மழைக்குழாய் இருந்தது. கட்டியவர் அதைத் தெருவுக்குத் திருப்பிவிட்டிருந்தார். அதைத் தொட்டிக்குத் திருப்ப வேண்டும். நடுவில் கல், ஜல்லி, மணல் அடுக்கிய ஒரு வடிகட்டித் தொட்டி வைக்க வேண்டும். நிரம்பி வழிவதை மதிலோரம் கல் நிரப்பிய குழிக்கு விட்டால் அது மண்ணுக்குள் இறங்கும். வேலை அவ்வளவுதான்.

படத்தில் இன்னொன்றும் இருந்தது. குழாய் வடிகட்டிக்குள் போவதற்கு முன்னால் பக்கவாட்டில் ஒரு கிளைக் குழாய், அதற்கு ஒரு வால்வு, அதிலிருந்து தெருவைப் பார்த்து ஓர் அம்புக்குறி. எல்லோர் கண்ணும் அந்த அம்பில்தான் போய் முட்டியது. "இதெதுக்குங்க வெளிய போகுது?" என்றார் கீழ்வீட்டுக்காரர். முதல் மழை மாடியைக் கழுவும், புறா எச்சமும் தூசியும் வரும், பத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீர் தெளிகிறவரை வால்வைத் திறந்து அதை வெளியே விட்டு, பிறகு மூட வேண்டும் என்றேன். தலையாட்டினார்கள். சம்மதித்துத்தான் ஆட்டுகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு மழை பார்ப்போம், சரிப்படாவிட்டால் போர் என்று முடிவானது.

குழாய் வேலை முடிந்தது. படத்தை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினேன். இரண்டே நாளில் யாரோ அந்த அம்புக்குறியின் மேல் பேனாவால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். இந்த ஊர்க்காரர்களைப் பற்றி அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். குடத்தைக் கழுவிய தண்ணீரைக்கூட வேப்பங்கன்றுக்கு ஊற்றுகிறவர்கள். வருகிற மழையை, அதுவும் முதல் மழையை, தெருவில் விடு என்றால் யாருக்குத்தான் மனசு வரும்?

சித்திரையில் ஒரு பிற்பகல் மழை வந்தது. நான் ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். காவலாளிக்குப் போன் செய்து, வால்வைத் திறந்து வைக்கச் சொன்னேன். திறந்தாராம். ஆனால் மறுநாள் காலை எல்லா வீட்டுக் குழாயிலும் மஞ்சளாகத் தண்ணீர் வந்தது. கோழிப்பண்ணையை ஒட்டிய காற்றுபோல ஒரு நாற்றம். கீழ்வீட்டுக்காரர் குவளையில் பிடித்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். வடிகட்டி தூசியைப் பிடிக்கும், கரைந்து வருவதை அது என்ன செய்யும்? தொட்டியை இறைத்துத் தேய்த்துக் கழுவினோம். பிடித்த மழை முழுக்கச் சாக்கடைக்குத்தான் போனது. வாசலில் எல்லோரும் நின்று, போர்தான் போர்தான் என்றார்கள். எனக்கு அழுகை வந்தது. அழுதால் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று கத்தினேன். "யார் அந்த வால்வை மூடினது?"

"நாந்தானுங்க" என்றார் ரிக் வண்டி அண்ணன்.

எல்லோரும் திரும்பினார்கள். "என்ர ஊரு எருமப்பட்டிப் பக்கம், வறண்ட காடுங்க. மழையப் பாத்தா ஊட்டுச் சனமே வாசலுக்கு வந்துரும். தெருவுல தண்ணி ஓடறதப் பாத்துட்டுச் சும்மா நிக்க முடியலைங்க அம்மிணி. கை தானாப் போயிருச்சு."

எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதி இருந்த கோபத்தில்தான் அதைக் கேட்டேன். "அண்ணா, போர் போடும்போது முதலில் வருகிற தண்ணீரை நீங்கள் குடிப்பீர்களா?"

"அதெப்படிங்க குடிக்கறது? மொதல்ல புழுதி வரும், அப்பறம் சேறு. அத வெளிய ஊதித் தள்ளிப்போட்டு, தெளிஞ்ச பெறகுதான்…" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். லிஃப்ட் பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்தார். பெருக்கல் குறி போட்ட அம்பைப் பார்த்தார். "ஓ, இது அதுங்களா?" என்றார்.

அதற்குப் பிறகு அவரே எல்லோருக்கும் சொன்னார். மாடிதான் போர்க்குழி என்றும், முதல் மழைதான் சேறு என்றும், வால்வுதான் ஊதித் தள்ளுகிற இடம் என்றும் அந்த அட்டையைத் தட்டித் தட்டிக் காட்டினார். நான் ஒரு மாதமாக உருப்போட்டுச் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அவர் சொன்னது ஐந்து நிமிடத்தில் ஏறிவிட்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஊரே லாரி, ரிக் என்று வாழும்போது வாளிக் கணக்கு சொன்ன என்னையும் என்ன சொல்வது? அடுத்த மழைவரை பொறுப்பதென்று கூட்டம் கலைந்தது. ஆனால் வண்டி புறப்பட்டுவிட்டது, அதற்குள் மழை வராவிட்டால் நேராக இங்கேதான் வரும் என்றும் அண்ணன் சொன்னார். மறுநாள் காலை பால்காரப் பெண் அதே கேள்வியைக் கேட்டபோது பாத்திரத்தை மட்டும் நீட்டினேன்.

வானம் எங்களை வைத்து விளையாடியது. தினமும் மாலையில் கொல்லிமலைப் பக்கம் கறுக்கும், காற்று வந்து கலைத்துவிடும். வண்டி ஹைதராபாத் தாண்டிவிட்டது என்று அண்ணன் சொன்ன அன்று, விளக்கு வைக்கும் நேரத்தில் பெரிய பெரிய துளிகளாக விழுந்தது. நான் படியிறங்கி ஓடினேன். எனக்கு முன்பே அண்ணன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வால்வுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கிளைக் குழாயில் காப்பி நிறத்தில் தண்ணீர் தெருவுக்குப் பாய்ந்தது. "பாக்க முடியலைங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் கை வால்வை மூடவில்லை. வாசலில் நின்ற எல்லோரும், கோவிலில் திரை விலகக் காத்திருப்பவர்கள்போல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் மெல்லத் தெளிந்தது. அண்ணன் உள்ளங்கையில் பிடித்தார், முகர்ந்தார், டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். "இப்ப மூடலாமுங்களா?" என்று என்னைக் கேட்டார். தெரியாமல் கேட்கவில்லை, என்னிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும் என்று கேட்டார். மூடுங்கள் என்றேன். தெருவில் ஓடியது நின்றது. அவர் தொட்டி மூடியைத் தூக்கினார். உள்ளே இருட்டில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இந்தச் சத்தத்துக்குத்தானுங்க அம்மிணி ஒவ்வொருத்தர் காட்டுலயும் நிக்கறது. பல எடத்துல வெறும் புழுதிதான் வரும். அப்ப அவிங்க மூஞ்சியப் பாக்க முடியாம வண்டிக்குப் பின்னால போயி நின்னுக்குவேனுங்க" என்றார். மழை பெய்ததால் அவர் கண்ணைத் துடைத்தாரா முகத்தைத் துடைத்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. அங்கேயே நின்று டிரைவருக்குப் போன் செய்தார். வண்டியை நேராகத் திருச்செங்கோட்டு ஷெட்டுக்கு விடச் சொன்னார். இங்கே வேலை இல்லை என்றார்.

மழை நிற்கவில்லை. தொட்டி நிரம்பி, வழிந்தது மதிலோரக் குழிக்குள் இறங்கியது. காலையில் பால்காரப் பெண் வந்தாள். பாலை ஊற்றினாள். "ஏனுங்க்கா, ரிக்கு…" என்று ஆரம்பித்தாள்.

"வரலை. திருப்பி அனுப்பிட்டாங்க" என்றேன்.

அவள் பால் கேனின் மூடியை மூடினாள், சரியாக விழவில்லை, மறுபடி மூடினாள். ஏதாவது சொல்ல மாட்டாளா என்று எனக்கு இருந்தது. அடுத்த வீட்டு மணியை அழுத்தப் போய்விட்டாள்.

அன்று மாலை புறா எச்சத்தைக் கூட்டித் தள்ள நான் துடைப்பத்தோடு மொட்டை மாடிக்குப் போனேன். மதிலுக்கு அந்தப்பக்கம் மாடுகள் இரண்டும் கட்டுத்தறியில் பழைய கயிற்றோடுதான் நின்றன. அவள் கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்தாள். உருளையில் ஓடியது அந்தப் புதுக் கயிறு.