ஏற்காட்டுக் குரங்குகளுக்கு இத்தாலிய மொழியில் மரியாதை

இத்தாலியில் எட்டு வருடம் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்துவிட்டுப் பெரம்பலூருக்குத் திரும்பியிருந்தேன். டவுனில் டிராவல்ஸ் நடத்துபவர், ஏற்காடு பற்றித் தமிழில் இருந்த சுற்றுலா வழிகாட்டியை இத்தாலிய மொழியில் எழுதித் தரச் சொன்னார். ‘இயற்கை அன்னையின் மடியில்’ என்று தொடங்கிய அதை வரிக்கு வரி மாற்றி, என் பழைய முதலாளியம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன்.

“முனிசிபாலிட்டி நோட்டீஸ் மாதிரி இருக்கு. நானே கிளம்பி வர்றேன்னா என்ன சொல்வே?” என்று அவர் கேட்டார்.

“ஸ்வெட்டர் எடுத்துட்டு வாங்க, சாயங்காலம் குளிரும். ஏரிக்கரையில கையில தீனி வச்சுக்காதீங்க, குரங்கு பிடுங்கிடும்.”

“அதையே எழுது.”

எழுதினேன். ‘மதிப்பிற்குரிய பயணிகள்’ எல்லா இடத்திலும் வெறும் ‘நீங்கள்’ ஆனார்கள்.

டிராவல்ஸ்காரருக்கு அதைத் தமிழில் சொல்லிக் காட்டியபோது அவர் முகம் வாடிவிட்டது.

“குரங்கு பிடுங்கும்னு போட்டா யாரும்மா வருவாங்க? கொஞ்சம் மரியாதையா போடுங்க. நீங்க குடுக்காட்டியும் வாங்கிக்கும்னு போடுங்க.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் அப்படியே இத்தாலிய மொழியில் எழுதி மறுபடி போனில் வாசித்தேன். முதலாளியம்மா அந்த வரியில் சிரிக்க ஆரம்பித்து, மீதியைக் கேட்கவே இல்லை. புத்தகம் அந்த வரியோடுதான் அச்சானது.