மேல்பக்கத்துக் காகிதம்

இருபத்திரண்டு வருடமாக கூரியர் கவுண்டரில் நிற்கிறவளை எல்லோரும் டேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கட்டிய பெட்டியில் எதுவும் உடைந்ததில்லை என்று தெருவில் பேச்சு. வீட்டில் யாரும் அவளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அதனால் அந்தப் பேச்சின் மேல் அவளுக்கு ஆசை.

ஒரு சனிக்கிழமை தம்பி, அம்மா வீட்டு விளக்குக் கண்ணாடியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தான். உருண்டை, முப்பது சென்டிமீட்டர். அம்மா போன பிறகு வெளியூர்த் தங்கை கேட்டது அந்த ஒன்றைத்தான்.

"சுத்தி அஞ்சு சென்டியாவது இடம் வேணும்டா. நாப்பதுக்கு நாப்பதுக்கு நாப்பது பெட்டி" என்றாள். மூன்றையும் பெருக்கி, இடத்தை எடையாக்கும் கூரியர் கணக்குப்படி ஐயாயிரத்தால் வகுத்தாள். "பன்னெண்டு புள்ளி எட்டு. பதிமூணு கிலோவுக்குப் போடணும்."

"மூணு கிலோ சாமானுக்கா? காத்துக்கும் காசு வாங்குறீங்களாக்கா?"

"வண்டியில இடத்தை அடைக்குதுல்ல."

"முப்பத்தஞ்சுல வை. உன் கை பட்டா உடையவா போகுது?"

அந்த ஒரு வார்த்தையில் அவள் விழுந்தாள். முப்பத்தைந்தில் கணக்கு ஒன்பது கிலோவுக்கு இறங்கியது. பக்கத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர்தான் மிச்சம். பிளாஸ்டிக் குமிழி உறை சுற்றி, காகிதத்தைக் கசக்கித் திணித்தாள். மேல்மூடி இரண்டு சென்டிமீட்டர் உப்பியது.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "புடைச்ச இடத்துலதான் மிஷின் அளக்கும். முப்பத்தேழுன்னா ஒன்பதைத் தாண்டிடும், அடுத்த அரைக் கிலோ சேர்த்து ஒன்பதரை. இந்த மாசம் உங்க அளவு ரெண்டு தடவை தப்பாயிருக்கு. மூணாவது ஆச்சுன்னா கவுண்டர்ல உக்கார வேண்டாம்."

"ஒன்பதரைன்னே எழுதிடவா?" என்று தம்பியைக் கேட்டாள்.

"ஒன்பதுன்னுதானேக்கா சொன்ன."

உடையும் என்று வாயைத் திறந்திருக்கலாம். அரைக் கிலோ காசை அவளே போட்டிருக்கலாம். செய்யவில்லை. மேல்பக்கத்திலிருந்து இரண்டு கை காகிதத்தை உருவினாள். மூடி தட்டையாகப் படிந்தது. டேப்பை இழுத்து ஒட்டினாள். தம்பி இன்சூரன்ஸ் வேண்டாம் என்றான். அதற்கும் தலையாட்டினாள்.

ஐந்தாம் நாள் தங்கையிடமிருந்து படம் வந்தது. அடிப்பகுதி முழுசாக இருந்தது. மேல்விளிம்பிலிருந்து பாதிவரை நொறுங்கியிருந்தது. எங்கே, எதனால் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பின்னாலேயே போன் வந்தது.

"நீ கட்டினதாக்கா?"

"நான்தான்."

"அண்ணன் அன்னிக்கே போன்ல கேட்டான், இன்சூரன்ஸ் போடவான்னு. அக்கா கட்டுறா, எதுக்குன்னு நான்தான் வேண்டாம்னேன்."

தம்பி அவசரப்படுத்தினான், மேனேஜர் மிரட்டினார் என்று சொல்ல வாயெடுத்தாள். காகிதத்தை உருவிய கை அவர்களுடையது இல்லை.

"மேல பேப்பர் போதலை" என்றாள்.

"உனக்குத் தெரியாமயா போச்சு?"

"தெரியும்."

தங்கை போனை வைத்துவிட்டாள்.

கவுண்டருக்கு வெளியே ஒரு பெண் பீங்கான் கிண்ணங்களோடு நின்றாள். "உங்ககிட்ட குடுத்தா உடையாதுன்னு அனுப்பினாங்க."

"யார் சொன்னாங்களோ, தப்பு" என்று அளவுநாடாவை எடுத்தாள்.