கிராணியின் டிராயரில் கிடந்த கடிதம்

எங்கள் எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதமெல்லாம் ஆபீசுக்குத்தான் வரும். ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி பிரித்துப் படித்துவிட்டு, மனம் வந்தால் கொடுப்பார். ஒருவரும் கேட்டதில்லை.

எண்பதுகளில் நான் பாலிடெக்னிக் மாணவன். சிங்கப்பூர் தொழிற்சாலை ஒன்று மூன்று மாதப் பயிற்சிக்கு என்னை எடுத்துக்கொள்வதாக எழுதியது. அந்தக் கடிதத்தோடும் பாஸ்போர்ட்டோடும் ஜொகூர் பாலம் தாண்டினேன். குடிநுழைவு அதிகாரி கடிதத்தைப் படித்துவிட்டு, பெர்மிட் எங்கே என்று கேட்டார். மலேசியருக்கு விசா வேண்டாமே என்றேன். அது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குத்தான், பயிற்சியும் வேலைதான், அதற்குக் கம்பெனிதான் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

ஊர் திரும்பியதும் கிராணியிடம் போய், வேறு கடிதம் ஏதும் வந்ததா என்று கேட்டேன். டிராயரிலிருந்து பிரித்த உறையொன்றை எடுத்துப் போட்டார். பாஸ்போர்ட் நகலும் கல்லூரிக் கடிதமும் உடனே அனுப்பு, பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கிறோம், அது கிடைக்கும்வரை வராதே என்று தொழிற்சாலை எழுதியிருந்தது. நான் கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே வந்த கடிதம்.

"ஏங்க ஐயா குடுக்கல?"

"வராதேன்னு போட்டிருந்துச்சு. அதுல குடுக்க என்னலா இருக்கு?"

இனி விண்ணப்பிக்க நேரமில்லாமல், பயிற்சிக் காலம் கைவிட்டுப் போனது.

பல வருடம் கழித்து, ரவாங்கில் என் வீட்டுக்குக் கிராணியின் கையெழுத்தில் ஓர் உறை வந்தது. மூலைகளில் மஞ்சள் தடவியிருந்தது. அதை இன்றுவரை நான் பிரிக்கவில்லை.